மாப்பிள்ளைக்கு போட்டோவுல ஷெர்வானி போடுறீங்களா? பட்டன் எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க!

முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி சட்டை. அதுல யாருக்கும் குழப்பம் இல்லை. வரவேற்புக்கு என்ன போடுறதுங்கிறதுலதான் வீட்டுல பஞ்சாயத்தே ஆரம்பிக்குது. கோட் சூட் எல்லாரும் போட்டாச்சு, ஷெர்வானி போடலாமான்னு மாப்பிள்ளை கேட்பார். 'குர்தா இருக்கே, அதுக்கு மேல ஒரு வெய்ஸ்ட்கோட் போதாதா?'ன்னு அப்பா கேட்பார். நெட்டப்பாக்கம் மாதிரி ஊர்ல இருந்து பாண்டிக்கு பஸ் பிடிச்சு, நேரு வீதியில கடை கடையா ஏறி ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்க எல்லாருக்கும் நேரம் கிடைக்காது. மாப்பிள்ளை சென்னையிலயோ துபாய்லயோ வேலையில இருந்தா சுத்தமா வாய்ப்பே இல்லை.

அதனால இப்போ நிறைய வீடுகள்ல நடக்கிறது இதுதான். மாப்பிள்ளை குர்தாவோட ஒரு போட்டோ அனுப்புறார். தங்கச்சியோ நண்பனோ ஸ்டுடியோ அண்ணனோ அதுமேல கடையில எடுத்த ஷெர்வானி படத்தை ஒட்டி, 'இப்படித்தான் இருக்கும்'னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்க. எல்லாரும் ஓகே சொன்னதும் அந்தப் படம் அப்படியே டெய்லர் கைக்குப் போகுது, இல்லைன்னா வாடகைக் கடைக்குப் போய் அட்வான்ஸ் கட்டப்படுது.

இங்கதான் சிக்கல். விளையாட்டா பண்ணின படம், டெய்லர் கைக்குப் போனதும் ஆர்டர் ஆகிடுது. படத்துல காலருக்கு மேல கிரீம் கலர்ல ஒரு கோடு தெரிஞ்சா, நிஜத்துலயும் அது தெரியணும்னு மாப்பிள்ளை எதிர்பார்ப்பார். படத்துல லைனிங் தங்க கலர்ல மின்னினா, டெய்லரும் அதே சாட்டின் துணியைத்தான் வாங்குவார். அதனால அழகா இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, தைக்கக்கூடிய மாதிரி இருக்கான்னு பார்க்கணும். பட்டன், காலர், லைனிங் மூணும் சரியா இருந்தா பெரும்பாலும் படம் தப்பாது.

செல்ஃபி பண்ற சேட்டை

ஆண்களுக்கான சட்டை, கோட், ஷெர்வானி எல்லாத்துலயும் போடுறவரோட இடது பக்கத் துணிதான் மேல வரும். காஜா அந்த இடது பக்கத்துல இருக்கும், பட்டன் வலது பக்கத்துல இருக்கும். பெண்களுக்கான மேற்கத்திய பாணி உடைகள்ல இது அப்படியே தலைகீழ். நேருவோட படங்களை நினைச்சுப் பாருங்க. அவர் அச்கனோட காஜாவுலதான் ரோஜாவைச் செருகுவார். அந்தக் காஜா இருக்கிறது மேல வர்ற மடிப்புல, அதாவது அவரோட இடது பக்கத் துணியில. நேரு ஜாக்கெட்னு இன்னைக்கு நாம சொல்ற கையில்லாத வெய்ஸ்ட்கோட்டுக்கும் அதே விதிதான்.

எதிர்ல நின்னு பார்க்கிற நமக்கு அவரோட இடது, திரையில வலது. மேல வர்ற துணி நடுக்கோட்டைத் தாண்டி கொஞ்சம் அந்தப் பக்கம் போய்த்தான் முடியும். அதனால சரியான படத்துல, பட்டன் வரிசைக்குப் பக்கத்துல ஓடுற துணி விளிம்பு, திரையில பட்டனுக்கு இடது பக்கம் தெரியும். வலது பக்கம் தெரிஞ்சா படம் திரும்பியிருக்குன்னு அர்த்தம். மேல்பாக்கெட் இருந்தா அது திரையில வலது பக்கம் வரணும். இந்த ரெண்டையும் பார்க்க பத்து செகண்ட் போதும்.

ஏன் திரும்புது? முதல் காரணம் செல்ஃபி. ஐபோன்ல Mirror Front Camera, சாம்சங்ல Save selfies as previewed ஆகிய வசதிகள் ஆன்ல இருந்தா, கண்ணாடியில பார்க்கிற மாதிரியே படம் சேவ் ஆகும். கண்ணாடி முன்னாடி நின்னு எடுக்கிற படமும் அப்படித்தான். அந்த மாதிரி படத்துல குர்தாவோட பட்டன் பட்டியே ஏற்கெனவே தப்பான பக்கம் இருக்கும். அதுமேல சரியான ஷெர்வானியை ஒட்டினா, உள்ள ஒரு பக்கமும் வெளியே ஒரு பக்கமும் மூடுற விநோதமான டிரெஸ் கிடைக்கும். பின்னாடி இருக்கிற காலண்டர் எழுத்தையோ, வழக்கமா இடது கையில கட்டுற வாட்ச்சையோ பார்த்தா கண்டுபிடிச்சிடலாம். வேலையை ஆரம்பிக்கும் முன்னாடியே கேலரியில ஒரு ஃப்ளிப் பண்ணிட்டா முடிஞ்சது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நைஸானது. மாப்பிள்ளை மேல ஜன்னல் வெளிச்சம் திரையின் இடது பக்கத்துல இருந்து விழுது. கடையில எடுத்த ஷெர்வானியில வெளிச்சம் வலது பக்கம் இருந்து விழுது. ரெண்டும் ஒட்டலை. எடிட் பண்றவர் சட்டுனு ஷெர்வானியை Flip Horizontal கொடுப்பார். வெளிச்சம் அட்டகாசமா செட் ஆகிடும், ஆனா பட்டன் பக்கம் மாறிடும். இதுக்கு ஒரே நல்ல வழி, கடையிலயே வெளிச்சம் ஒத்துவர்ற பக்கமா நின்னு இன்னொரு படம் எடுத்துக்கிறது. அது முடியலைன்னா, திருப்பாம வெச்சுட்டு, வெளிச்சம் வேண்டிய பக்கத்தை லேசா வெளுப்பாக்கி, எதிர்ப்பக்கத்தை லேசா இருட்டாக்குங்க. வெளிச்சம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா டெய்லருக்கு நஷ்டமில்லை. பட்டன் மாறினா இருக்கு.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. அங்கரக்கா பாணியில மார்புக்குக் குறுக்கே சரிஞ்சு ஓரத்துல மூடுற ஷெர்வானிகள் இருக்கு. பட்டனை மறைச்சுத் தைக்கிற மாடல்களும் இருக்கு. அதுல நடுக்கோட்டுக் கணக்கு பார்க்க முடியாது. கடைக்காரரோட படத்துல எந்தப் பக்கம் மேல வருதோ அதையே விடாம வெச்சுக்கணும்.

போட்டோ எடுக்கும்போதே பாதி வேலை

மாப்பிள்ளை படத்தை வேற யாராவது பின்கேமராவுல எடுக்கட்டும். போனை நெஞ்சு உயரத்துல பிடிச்சு, குறைஞ்சது ஆறேழு அடி தள்ளி நின்னு, தலையில இருந்து பாதம் வரைக்கும் எடுக்கணும். பக்கத்துல நின்னு எடுத்தா நெஞ்சு பெருசா, கால் சின்னதா வரும். அதுமேல எந்த ஷெர்வானியும் உட்காராது. ஷெர்வானியையும் ஹேங்கர்ல தொங்கவிட்டு எடுக்காம, கடை பொம்மை மேல இருக்கும்போது அதே உயரம், அதே தூரத்துல எடுங்க. ஹேங்கர்ல தோள் சரிஞ்சு, காலர் சப்பையா விழுந்திருக்கும்.

இன்னொரு விஷயம், படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பும்போது Document ஆ அனுப்பச் சொல்லுங்க. சாதாரணமா அனுப்பினா அது சுருக்கிடும். பட்டன் வெறும் புள்ளியாகிடும்.

இதோட ஒரே ஒரு அளவு வேணும். மாப்பிள்ளை போட்டிருக்கிற குர்தாவை டேப்ல அளந்து, முன்கழுத்துக் குழியில இருந்து குர்தாவோட கீழ்விளிம்பு வரைக்கும் எத்தனை இன்ச்னு எழுதி அனுப்பணும். இந்த ஒரு நம்பர்தான் மொத்த படத்துக்கும் ஸ்கேல்.

ஒரு மாப்பிள்ளை, ஒரு மெரூன் ஷெர்வானி

உதாரணத்துக்கு ஒருத்தரை எடுத்துப்போம். கிரீம் கலர் குர்தா, மேல மெரூன் ஷெர்வானி. குர்தா கழுத்துக்குழியில இருந்து கீழ்விளிம்பு வரைக்கும் 40 இன்ச். போட்டோவை Photopea ல திறந்து அளந்தா அதே தூரம் 1200 பிக்ஸல் வருது. அப்போ ஒரு இன்ச்சுக்கு 30 பிக்ஸல். Photopea போன் பிரவுசர்லயே இலவசமா ஓடும். விரலுக்குச் சின்னதா இருக்குன்னா ibis Paint X லயும் இதே வேலையைப் பண்ணலாம், லேயர் வசதி இருக்கிற எந்த ஆப்பும் போதும்.

கடையில கேட்டா, அந்த ஷெர்வானியில கழுத்துல ஆரம்பிச்சு இடுப்புக்குச் சற்று கீழ வரைக்கும் 18 இன்ச்ல 7 பட்டன். 7 பட்டனுக்கு நடுவுல 6 இடைவெளி. 18 ஐ 6 ஆல வகுத்தா 3 இன்ச். படத்துல அது 90 பிக்ஸல். அதாவது ஒரு பட்டன் நடுவுல இருந்து அடுத்த பட்டன் நடு வரைக்கும் 90 பிக்ஸல் வரணும்.

இப்போ ஷெர்வானி படத்தை வெட்டி எடுத்து, Free Transform ல தோளுக்குத் தோள், கழுத்துக்குக் கழுத்து பொருத்தியாச்சு. ஆனா கடை பொம்மை குட்டை. மாப்பிள்ளை உயரம். ஷெர்வானி முட்டிக்கு வரலை. என்ன பண்ணுவோம்? கீழ்ப்பக்கம் பிடிச்சு இழுப்போம். இழுத்ததும் நீளம் சரியாகிடுச்சு. பட்டனை அளந்து பார்த்தா இடைவெளி 105 பிக்ஸல், அதாவது மூன்றரை இன்ச். வட்டமா இருந்த பட்டன் முட்டை மாதிரி ஆகியிருக்கு. கடைசி பட்டன் இடுப்பைத் தாண்டி மூணு இன்ச் இறங்கியிருக்கு. இந்தப் படத்தைப் பார்த்துத் தைச்சா உட்காரும்போது கீழ் பட்டன் இழுத்துக்கிட்டு நிக்கும்.

சரியான வழி, மொத்த ஷெர்வானியையும் இழுக்காம இருக்கிறதுதான். முதல்ல பட்டன் இடைவெளி 90 வர்ற அளவுக்கு நீளம் அகலம் ரெண்டையும் ஒரே விகிதத்துல மாத்துங்க. அப்புறம் கடைசி பட்டனுக்குக் கீழ இருக்கிற பிளெய்ன் பகுதியை மட்டும் தனி லேயரா பிரிச்சு, அதை மட்டும் நீட்டுங்க. அங்க வேலைப்பாடு இல்லாத துணிதான், நீட்டினது தெரியாது. கீழ் பார்டர்ல ஜரிகை வேலை இருந்தா அந்த பார்டரையும் நீட்டாம தனியா எடுத்து அடியில வெச்சிடுங்க. தோளோட சாய்வுக்கு Puppet Warp ல ரெண்டு முனையிலயும் புள்ளி வெச்சு லேசா நகர்த்தினா போதும். நடு பட்டன் வரிசையிலயும் நாலஞ்சு புள்ளி வெச்சுடுங்க, இல்லைன்னா தோளை நகர்த்தும்போது பட்டன் கோடு வளைஞ்சிடும்.

காலருக்குள்ள காலர்

இதுதான் அதிகமா ஏமாத்துற இடம். குர்தாவுல இருக்கிறதும் நம்ம ஊர்ல சைனீஸ் காலர்னு சொல்ற நின்ன காலர். ஷெர்வானியில இருக்கிறதும் அதே. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நிக்கணும். பார்க்க அழகா இருக்கிறது, மெரூன் காலருக்கு மேல கிரீம் கலர் கால் இன்ச் எட்டிப் பார்க்கிற லுக். நம்ம கணக்குல அது ஏழெட்டு பிக்ஸல். படத்துல ஒரு நிமிஷத்துல போட்டுடலாம்.

நிஜத்துல? நம்ம மாப்பிள்ளையோட குர்தா காலர் உயரம் 1¼ இன்ச். ஷெர்வானி காலர் 1½ இன்ச். உள்ள இருக்கிறது குட்டை, வெளியே இருக்கிறது நெட்டை. ரெண்டும் கழுத்தடியில ஒரே இடத்துல உட்கார்ந்தா கிரீம் கோடு கண்ணுக்கே தெரியாது. படத்துல தெரிஞ்சது நிஜத்துல காணோம்னு வரவேற்பு அன்னைக்கு கண்ணாடி முன்னாடி நின்னு குர்தாவை மேல மேல இழுத்துவிட வேண்டியதுதான். ரெண்டு நிமிஷத்துல அது திரும்ப உள்ள போயிடும்.

அதனால காலரை ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு காலரையும் அளந்து கேளுங்க. நம்ம உதாரணத்துல தீர்வு ரெண்டு. ஷெர்வானி தைக்கிறதா இருந்தா அதோட காலரை 1 இன்ச்சுக்கு இறக்கச் சொல்லலாம். வாடகை ஷெர்வானின்னா குர்தாவை 1¾ இன்ச் காலரோட புதுசா தைக்கலாம். கழுத்து குட்டையா இருக்கிறவங்களுக்கு ரெண்டாவது வழி வேண்டாம், தாடையில இடிக்கும். ரெண்டும் முடியாதுன்னா, படத்துலயும் கிரீம் கோட்டை எடுத்துடுங்க. பிளெய்னா இருந்தாலும் அது உண்மையான படம்.

ஒட்டுற முறையிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. ஷெர்வானி காலரை ஒரே துண்டா கழுத்து மேல வெச்சா, தொட்டியில தலை வெச்ச மாதிரி இருக்கும். காலருக்கு முன்பாதி, பின்பாதின்னு ரெண்டு இருக்கு. முன்பாதி குர்தா காலருக்கு மேல வரும். பின்பாதியோட உட்பக்கம் கழுத்துக்குப் பின்னாடி போகும். அதைத் தனி லேயர்ல வெச்சு, கழுத்தும் குர்தா காலரும் இருக்கிற இடத்தை மாஸ்க் பண்ணி மறைச்சா, கழுத்தோட ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா பிறை மாதிரி கொஞ்சம்தான் தெரியும். நேரா நெஞ்சு உயரத்துல எடுத்த படத்துல அதுகூட தெரியாமப் போகலாம். தெரியலைன்னா விட்டுடுங்க, வலுக்கட்டாயமா காட்ட வேண்டாம்.

லைனிங் விளிம்பு வரைக்கும் வராது

பட்டன் எல்லாம் போட்டு மூடின ஷெர்வானியில லைனிங் வெளியே தெரியவே தெரியாது. நடக்கும்போது கீழ் திறப்புலயும் பக்கத்து ஸ்லிட்லயும் லேசா மின்னும், அவ்வளவுதான். ஆனா திறந்துவிட்டுப் போடுற ஷெர்வானியிலயும் வெய்ஸ்ட்கோட்லயும் லைனிங்தான் பாதி லுக். அதை எடிட் பண்றவங்க பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. முன்விளிம்புல இருந்தே லைனிங் கலரை அடிச்சு விட்டுடுறாங்க.

எந்தக் கோட்டையாவது எடுத்துத் திறந்து பாருங்க. விளிம்புல இருந்து உள்பக்கமா ரெண்டு மூணு இன்ச்சுக்கு வெளியே இருக்கிற அதே துணிதான் மடிஞ்சு வரும். டெய்லர்கள் இதை ஃபேசிங்னு சொல்வாங்க. பட்டனும் காஜாவும் இழுபடும்போது தாங்குறது இந்தப் பட்டைதான். அது முடியிற இடத்துலதான் லைனிங் ஆரம்பிக்கும். நம்ம ஸ்கேல்ல ரெண்டரை இன்ச் ஃபேசிங்னா 75 பிக்ஸல். ஆனா திறந்த துணி சாய்ஞ்சு நிக்கிறதால முழுசா தெரியாது, பாதியா சுருங்கித் தெரியும். அதாவது விளிம்பை ஒட்டி மெரூன் பட்டை, அதுக்கு உள்ள நிழலோட லைனிங். லேசா திறந்த வெய்ஸ்ட்கோட்ல ஃபேசிங் மட்டும்தான் தெரியும், லைனிங் எட்டிப் பார்க்காது. 'தங்க லைனிங் போட்டும் தெரியவே இல்லையே'ங்கிற ஏமாற்றத்துக்கு இதுதான் காரணம்.

கைக்குழியிலயும் இதே கதை. வெய்ஸ்ட்கோட் கைக்குழி ஓரத்துல லைனிங் கலர் தெரியக் கூடாது, அது உள்ள மடிச்சுத் தைக்கப்பட்டிருக்கும். குர்தா கை அந்தக் குழியில இருந்து வெளியே வர்ற இடத்துல ஒரு மெல்லிய நிழல் மட்டும் வரணும். நிழலுக்குக் கறுப்பை எடுக்காதீங்க. குர்தாவுலயே இருட்டான மடிப்பைத் தொட்டு அந்தக் கலரை எடுத்து, தனி லேயர்ல Multiply வெச்சு லேசா தடவுங்க. காலர் அடியிலயும் துணி விளிம்பு அடியிலயும் அதே நிழல் ரெண்டு மூணு பிக்ஸல் போதும். பட்டன் ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு துளி.

லைனிங் துணியைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். படத்துல பளபளன்னு சாட்டின்தான் அழகு. நம்ம கடலோரப் புழுக்கத்துல, மண்டப லைட்டுக்கு அடியில மூணு மணி நேரம் பாலியஸ்டர் சாட்டின் லைனிங்கோட நிக்கிறது பெரிய தண்டனை. காட்டன் லைனிங்கோ விஸ்கோஸோ போடப் போறீங்கன்னா, படத்துலயும் மின்னலைக் குறைச்சு மந்தமா காட்டுங்க. மாப்பிள்ளை அதைப் பார்த்தே முடிவு பண்ணட்டும்.

அனுப்பும்போது

படத்தை மட்டும் தனியா டெய்லருக்கு அனுப்பாதீங்க. கூடவே எழுதிடுங்க: 7 பட்டன், 3 இன்ச் இடைவெளி, இடது பக்கம் மேல. ஷெர்வானி காலர் 1 இன்ச், உள் குர்தா காலர் 1¼. லைனிங் மெரூன் காட்டன், ஃபேசிங் ரெண்டரை இன்ச். இப்படி எழுதும்போதே படத்துல எது இடிக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அவர் டேப் வெச்சு எடுக்கிற அளவுதான். அதைப் படம் சொல்லாது. ஷெர்வானியோட கனமும் படத்துல தெரியாது, அதைக் கடையில ஒருத்தர் கையில தூக்கிப் பார்த்துத்தான் சொல்லணும்.

அப்புறம், இந்தப் படத்தை வரவேற்பு பேனருக்குக் கொடுக்கப் போறீங்கன்னா பிரிண்டிங் கடையில ஒரு வார்த்தை சொல்லி வைங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற மாதிரி வைக்கிறதுக்காக அவங்க மாப்பிள்ளை படத்தை ஒரே கிளிக்ல திருப்பிடுவாங்க. நீங்க பார்த்துப் பார்த்துச் சரிபண்ணின பட்டன், ஊர் எல்லையில பத்தடி உயரத்துல தப்பான பக்கம் நிக்கும். அதைத் தவிர்க்க, முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி ஒண்ணு, வலது பக்கம் திருப்பி ஒண்ணுன்னு ஆரம்பத்துலயே ரெண்டு படம் எடுத்து வெச்சுக்கோங்க.